ஒரே ஓவன், மூன்று வண்டி: ராத்திரி வேலையைப் பின்னாலிருந்து கணக்குப் போடுவது

“அண்ணாச்சி, பாளையங்கோட்டையில் சின்ன பேக்கரி வைத்திருக்கிறோம். மூன்று டெக் கேஸ் ஓவன் ஒன்று, மொத்தம் ஒன்பது ட்ரே பிடிக்கும். 4.30 வண்டிக்கு டீக்கடை பன் 600, 6.15 வண்டிக்கு ஸ்லைஸ் பிரட் 140, 8.15 வண்டிக்கு பப்ஸ் 300. ராத்திரி 12 மணிக்கு ஆரம்பித்து, முதலில் போகிற பன்னை முதலில் சுடுகிறோம். பிரட் மாவு ஓவனுக்கு முன்னால் காத்து நின்று சரிந்துபோகிறது. பிரட்டைச் சூட்டோடு அறுக்க வேண்டியிருக்கிறது. இரண்டாவது வண்டி தினமும் லேட். இன்னொரு ஓவன் வாங்கணுமா, ஆளைக் கூட்டணுமா?”

தம்பி, இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். முதலில் உங்கள் ஓவன் நிஜமாகவே எத்தனை மணி நேரம் வேலை செய்கிறது என்று பாருங்கள். 400 கிராம் பிரட் டின் ஒரு ட்ரே இடத்துக்கு எட்டு என்று வைத்தால் ஓவனை ஒரு முறை நிரப்பிச் சுடுகிற ஒரு நடைக்கு 72, ஆக 140 பிரட்டுக்கு இரண்டு நடை. ஒரு நடை வேக அரைமணி, இறக்கி ஏற்றி ஓவன் மறுபடி சூடு பிடிக்கப் பத்து நிமிடம். பன் ஒரு ட்ரேக்கு 24, ஒரு நடைக்கு 216, அதனால் மூன்று நடை. ஒவ்வொன்றும் பன்னிரண்டு நிமிடம் வேகும், மாற்ற எட்டு நிமிடம். பப்ஸ் ட்ரேக்கு இருபது என்றால் இரண்டு நடை, நடைக்கு முப்பத்தைந்து நிமிடம். எல்லாம் சேர்த்து மூன்றரை மணி நேரம்தான் வருகிறது. ராத்திரி முழுக்க இருக்கிற ஓவனுக்கு இது பெரிய பாரம் இல்லை. சிக்கல் வரிசையில் இருக்கிறது.

முதலில் போகிற சரக்கை முதலில் சுடுவது கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் ஓவனை விட்டு வெளியே வந்த பிறகு ஒவ்வொரு சரக்குக்கும் எவ்வளவு நேரம் வேண்டும் என்பதை அது கணக்கில் எடுப்பதில்லை. பன் வெளியே வந்து அரைமணி ஆறினால் போதும், பெட்டியில் அடுக்கலாம். டீக்கடைக்காரர் லேசான வெதுவெதுப்போடு வந்தால் சந்தோஷம்தான் படுவார். பிரட் அப்படி இல்லை. ஓவனிலிருந்து இறக்கும்போது அதன் நடுப்பகுதி 95 டிகிரி பக்கம் இருக்கும். அது 35, 38 டிகிரிக்கு இறங்கின பிறகுதான் கத்தி வைக்க வேண்டும். நம் ஊர் ராத்திரியில் 400 கிராம் பிரட்டுக்கு அதற்கு இரண்டு மணி நேரம் ஆகும், சித்திரை வைகாசியில் இரண்டரை மணி நேரம்கூட இழுக்கும். அப்புறம் ஸ்லைசரில் அறுத்து, கவரில் போட்டு, கட்டி அடுக்க 144 பிரட்டுக்கு இரண்டு பேர் முக்கால் மணி நேரமாவது வேலை செய்ய வேண்டும். ஆக பன் ஓவனை விட்டு இறங்கி வண்டி ஏற முக்கால் மணி, பிரட்டுக்கு மூன்று மணி. 4.30-க்குப் போகிற பன்னைவிட 6.15-க்குப் போகிற பிரட் ஓவனுக்குள் முன்னால் போக வேண்டும் என்பது இதிலிருந்தே தெரிந்துவிடும்.

சூட்டோடு அறுப்பதை ஏதோ சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். பிரட்டின் உள்ளே மாவுச்சத்து இறுகுவது ஆறும்போதுதான். அதற்கு முன் அறுத்தால் ஸ்லைசர் பிளேடில் பசைபோல் ஒட்டும், துண்டின் நடுவில் விரல் வைத்தால் களிபோல் அமுங்கும், பிரட்டின் இடுப்பு உள்ளே ஒடுங்கும். கவருக்குள் வேர்த்து நிற்கிற ஈரம் அடுத்த நாளே பூசணத்துக்கு வழி விடும். கடைக்காரர் இரண்டாம் நாள் திருப்பி அனுப்புகிற பிரட்டில் பாதி அன்றைக்குச் சூட்டோடு கட்டினதாகத்தான் இருக்கும். மருந்து கூட்டிப் போட்டால் சரியாகிவிடும் என்று சில மாஸ்டர்கள் சொல்வார்கள். கால்சியம் புரோபியோனேட் பூசணத்தைத் தள்ளிப்போடும், வேர்வையைத் துடைக்காது. குச்சி தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி, அடுக்கின் நடுத்தட்டில் இருக்கிற ஒரு பிரட்டின் அடிப்பக்கமாகக் குத்திப் பாருங்கள். ஓரத்தில் இருப்பது சீக்கிரம் ஆறி நம்மை ஏமாற்றும்.

இனி பின்னாலிருந்து எண்ணிக்கொண்டு வருவோம். முதல் வண்டி 4.30. பன் கடைசி நடை 3.45-க்குள் இறங்கினால்தான் அரைமணி ஆறி, அடுக்கி, ஏற்ற நேரம் இருக்கும். எனவே பன் மூன்று நடையும் 2.50, 3.10, 3.30-க்கு உள்ளே போக வேண்டும். அதற்கு முன்னால் பிரட் இரண்டு நடை: 1.30-க்கு ஒன்று, 2.10-க்கு ஒன்று. இரண்டாவது நடை 2.40-க்கு இறங்கும். பிரட்டுக்கு 210 டிகிரி, பன்னுக்கு 220 என்று வைத்துக்கொண்டால் நடுவில் ஓவன் சூட்டைப் பெரிதாக மாற்ற வேண்டியதும் இல்லை. 1.30-க்கு உள்ளே வைக்க வேண்டும் என்றால் 12.30-க்கே பற்றவைத்துவிட வேண்டும். டெக் ஓவனில் மீட்டர் 210 காட்டினாலும் கல் சூடேற இன்னும் கால்மணி பிடிக்கும்.

இப்போது மாவுக்கு வாருங்கள். முதல் பிரட் நடை 1.30. ஈஸ்ட் மாவை டின்னில் போட்ட பிறகு ப்ரூஃப் ஆக, அதாவது சுடுவதற்கு முன் உப்பி எழும்ப, ஒரு மணி நேரம், ஆக 12.30-க்கு டின்னில் இருக்க வேண்டும். வெட்டி, எடை போட்டு, உருட்டி, பத்து நிமிடம் ஓயவிட்டு, மறுபடி சுருட்டி டின்னில் போட மூன்று பேருக்கு நாற்பது நிமிடம். எனவே 11.50-க்கு மாவு மேஜைக்கு வர வேண்டும். அதற்கு முன் தொட்டியில் ஊறுவது ஒரு மணி நேரம், பிசைவது கால்மணி. முதல் மாவு மிக்ஸரில் விழ வேண்டிய நேரம் 10.35. இரண்டாவது நடைக்கான மாவு சரியாக நாற்பது நிமிடம் கழித்து, 11.15-க்கு. பன் ட்ரேயில் ப்ரூஃப் ஆக ஐம்பத்தைந்து நிமிடம், உருட்ட நடைக்கு இருபது நிமிடம், தொட்டியில் ஊற நாற்பது நிமிடம் என்று எண்ணினால் பன் மாவை 12.40-க்குப் பிசைய வேண்டும். நீங்கள் 12 மணிக்கு ஆரம்பிக்கிறீர்கள். தினமும் ஒன்றரை மணி நேரக் கடனோடு தொடங்குகிறீர்கள் என்று அர்த்தம். ஆளைக் கூட்டினாலும் ஈஸ்ட் அதற்காக வேகமாக வேலை செய்யாது.

சுவரில் ஒரு கரும்பலகை மாட்டி இதை எழுதிவைத்துவிடுங்கள்:

10.35 பிரட் மாவு ஒன்று
11.15 பிரட் மாவு இரண்டு
11.50 பிரட் ஒன்று மேஜைக்கு
12.30 ஓவன் பற்றவை. பிரட் இரண்டு மேஜைக்கு
12.40 பன் மாவு
1.30 பிரட் ஒன்று உள்ளே
1.35 பன் உருட்ட ஆரம்பம்
2.10 பிரட் இரண்டு உள்ளே
2.50, 3.10, 3.30 பன்
4.35 ஸ்லைசர்

பலகையில் எழுதாமல் மாஸ்டர் தலையில் மட்டும் இருந்தால், அவர் சொந்த ஊருக்குக் கொடைக்குப் போகிற அன்றைக்கு எல்லாம் குலைந்துவிடும்.

இதில் கவனிக்க வேண்டியது, பிரட் மாவை ஏன் இரண்டாகப் பிசைகிறோம் என்பதுதான். ஒரு மாவின் அளவு ஓவனின் ஒரு நடைக்கு எவ்வளவோ அவ்வளவுதான் இருக்க வேண்டும். 72 பிரட்டுக்கு, சுடும்போது குறைகிற எடையையும் சேர்த்து ஒன்றுக்கு 450 கிராம் மாவு என்றால் 32 கிலோ மாவு. மைதா கணக்கில் ஏறக்குறைய 19 கிலோ. நீங்கள் 38 கிலோ மைதாவையும் அடுத்தடுத்துப் பிசைந்து ஒரே நேரத்தில் டின்னில் போட்டால் 144 பிரட்டும் ஒரே நேரத்தில் பதத்துக்கு வரும். ஓவன் 72-ஐத்தான் எடுத்துக்கொள்ளும். மீதி 72 நாற்பது நிமிடம் பதம் தாண்டி நிற்கும். நீங்கள் சொல்கிற ‘சரிவு’ அதுதான்.

பன்னுக்கு மட்டும் மூன்று நடை இருந்தும் ஏன் ஒரே மாவு என்று கேட்பீர்கள். 600 பன்னைக் கையால் உருட்டவே மூன்று பேருக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. முதல் ஒன்பது ட்ரே 1.55-க்கு முடியும், அடுத்த ஒன்பது 2.15-க்கு, கடைசி ஏழு 2.35-க்கு. உருட்டுகிற வேகமும் ஓவன் விழுங்குகிற வேகமும் இருபது நிமிடத்துக்கு ஒன்பது ட்ரே என்று ஒத்துப்போகின்றன. கையே வரிசையைப் போட்டுக் கொடுத்துவிடுகிறது. ஆனால் ஒரு நிபந்தனை: முதலில் உருட்டின ட்ரேதான் முதலில் உள்ளே போக வேண்டும். டிராலியில் மேலிருந்து கீழாக அடுக்கிவிட்டு, எடுக்கும்போது கைக்கு எட்டுகிறதை எடுத்தால் வரிசை தலைகீழாகிவிடும். ஒவ்வொரு டிராலியின் நெற்றியிலும் உருட்டி முடித்த நேரத்தைச் சாக்பீஸால் எழுதுங்கள். 1.55 என்று எழுதியிருக்கிற டிராலி நிற்கும்போது 2.15 டிராலியில் யாரும் கை வைக்கக் கூடாது.

அம்பாசமுத்திரம் ரோட்டில் ஒரு பேக்கரியில் பன் உருட்டுகிற மெஷின் வாங்கினார்கள். ஒரு மணி நேர வேலை இருபது நிமிடத்தில் முடிந்தது. அடுத்த வாரமே பன் எல்லாம் தோல் சுருங்கித் தட்டையாக வர ஆரம்பித்தது. மெஷினில் கோளாறு என்று கம்பெனிக்குப் போன் மேல் போன். போய்ப் பார்த்தால் மெஷின் நன்றாகத்தான் ஓடியது. 25 ட்ரேயும் ஒரே சமயத்தில் தயாராகி ப்ரூஃபரில் நின்றதுதான் விஷயம். மாவை மூன்றாகப் பிரித்து, இரண்டாவது மூன்றாவது பங்கை இருபது இருபது நிமிடம் தள்ளிப் பிசையச் சொன்னதும் சரியாயிற்று. மேஜை வேலையை வேகமாக்கினால் பிசைகிற வேலையை அதற்கேற்ப நிதானப்படுத்தத்தான் வேண்டும்.

மேலே நான் சொன்ன ஒரு மணி நேரம், நாற்பது நிமிடம் எல்லாம் மாவு 27 டிகிரியில் மிக்ஸரை விட்டு இறங்கினால்தான் நிற்கும். மாவு ஒரு டிகிரி கூடினால் ஈஸ்டின் வேகம் தோராயமாகப் பத்தில் ஒரு பங்கு கூடும். வைகாசி ராத்திரியில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரை அப்படியே ஊற்றினால் மாவு 32, 33 டிகிரிக்குக் குறையாமல் வரும். தொட்டியில் ஒரு மணி நேரம் ஊற வேண்டியது நாற்பது நிமிடத்தில் ஊறிவிடும், ப்ரூஃபும் அதேபோல் முந்தும். 1.30-க்கு வர வேண்டிய மாவு 12.50-க்கே பதத்துக்கு வந்து நிற்கும், ஓவன் அப்போதுதான் சூடேறிக்கொண்டிருக்கும். உங்கள் பலகையைக் குலைப்பதில் பாதி இந்தச் சூடு.

கணக்கு சுலபம். வேண்டிய மாவுச் சூட்டை மூன்றால் பெருக்குங்கள்: 27 மூன்று 81. அதிலிருந்து மைதாவின் சூடு, அறையின் சூடு, மிக்ஸர் உரசலில் ஏறுகிற சூடு மூன்றையும் கழியுங்கள். மைதா மூட்டை 31, அறை 30, ஸ்பைரல் மிக்ஸருக்கு 12 என்றால் 73. மீதி 8. அதாவது தண்ணீர் 8 டிகிரியில் இருக்க வேண்டும். 19 கிலோ மைதாவுக்கு 11.4 லிட்டர் தண்ணீர் என்றால், 30 டிகிரித் தண்ணீரை 8-க்குக் கொண்டுவர எவ்வளவு ஐஸ் வேண்டும்? மொத்தத் தண்ணீரை 22-ஆல் பெருக்கி 110-ஆல் வகுங்கள். 22 என்பது குறைய வேண்டிய டிகிரி, 110 என்பது குழாய்த் தண்ணீரின் 30-உம் ஐஸ் உருக இழுக்கிற சூட்டுக்கான 80-உம். ஏறக்குறைய 2.3 கிலோ ஐஸ். அந்த 2.3 கிலோவை மொத்தத் தண்ணீரிலிருந்து கழித்துவிட்டு 9.1 லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள், இல்லாவிட்டால் மாவு தளர்ந்துவிடும். மீன்கடை ஐஸ் வேண்டாம். குடிதண்ணீரை டப்பாவில் உறையவைத்து நொறுக்கிப் போடுங்கள். உரசல் சூடு 12 என்பது மிக்ஸருக்கு மிக்ஸர் மாறும். ஒரு நாள் எல்லாச் சூட்டையும் அளந்து, மாவு வந்த சூட்டிலிருந்து திருப்பிக் கணக்குப் போட்டால் உங்கள் மிக்ஸரின் எண் கிடைத்துவிடும்.

எவ்வளவு ஒழுங்காகச் செய்தாலும் ஒரு நாள் பிந்தத்தான் செய்யும். கரண்ட் போகும், பர்னர் மக்கர் பண்ணும், ஆள் வரமாட்டார். அப்போது எதைக் காக்கவைக்கலாம், எதை வைக்கக் கூடாது என்பது தெரிந்தால் போதும். தொட்டியில் ஊறுகிற மாவை ஒரு முறை அமுக்கி மடித்துவிட்டால் கால்மணி, இருபது நிமிடம் பொறுக்கும். ட்ரேயிலோ டின்னிலோ போட்டு இன்னும் பாதிகூட எழும்பாத மாவைப் பிரிட்ஜில் தள்ளினால் அரைமணிக்கு மேலும் பொறுக்கும். ப்ரூஃபரில் முக்கால் எழும்பின மாவு எதற்கும் பொறுக்காது. ஓவன் பிந்துகிறது என்று தெரிந்த உடனே ப்ரூஃபரின் சூட்டையும் ஆவியையும் நிறுத்துங்கள். டிராலியை வெளியே இழுத்து, பாலிதீன் ஷீட் போர்த்தி, அறையில் காற்றோட்டமான பக்கம் நிறுத்துங்கள். ஃபேனை நேராகக் காட்டினால் மேல்தோல் காய்ந்து வெடிக்கும்.

பதம் பார்க்க விரல் போதும். மைதா தொட்ட விரலால் பன்னின் ஓரத்தில் லேசாக அமுக்குங்கள். சட்டென்று குதித்து எழும்பினால் இன்னும் நேரம் வேண்டும். மெதுவாக எழும்பி, லேசாகக் குழி தங்கினால் உள்ளே வைக்க வேண்டிய நேரம். அமுக்கின குழி அப்படியே நின்றால், அல்லது சுற்றிலும் சேர்த்து அமுங்கினால், தாண்டிவிட்டது. சுட்ட பிறகும் தெரியும். பதம் தாண்டின பிரட் வெளுப்பாக வரும், ஏனென்றால் மேல்தோல் சிவக்க வேண்டிய சர்க்கரையை ஈஸ்ட் தின்று தீர்த்திருக்கும். மேலே தட்டையாகி, உள்ளே பெரிய ஓட்டைகளோடு, லேசான புளிப்பு வாடை அடிக்கும். பதம் வராமல் வைத்த பிரட் பக்கவாட்டில் கிழிந்திருக்கும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகினால், காலையில் ஒரு பிரட்டைக் கையில் எடுத்ததும் ராத்திரி எந்த இடத்தில் நேரம் தப்பியது என்று சொல்லிவிடலாம்.

பன் கடைசி நடை 3.42-க்கு இறங்கினதும் ஓவனுக்கு மூன்று மணி நேரம் ஓய்வு. பர்னரைக் குறைத்து, 180-க்கு இறங்கும்போது பிஸ்கட்டும், அதற்கப்புறம் கேக்கும் போடலாம். கேஸும் மிச்சம். மேஜைக்காரர்கள் இந்த நேரத்தில் பன் அடுக்கி முதல் வண்டியை அனுப்பிவிட்டு 4.35-க்கு ஸ்லைசருக்கு வருவார்கள். 2 மணிக்கு இறங்கின முதல் நடையை முதலில் அறுக்க வேண்டும். அது முடிய ஐந்து மணி ஆகும், அதற்குள் 2.40 நடையும் ஆறியிருக்கும். 5.30-க்கு எல்லாம் கட்டி முடிந்தால் வண்டிக்கு இன்னும் முக்கால் மணி இருக்கும். அந்த முக்கால் மணியை வேறு எதற்கும் கொடுத்துவிடாதீர்கள். சித்திரை வைகாசியில் பிரட் ஆற எடுத்துக்கொள்கிற கூடுதல் நேரத்துக்கு அதுதான் இடம்.

பப்ஸ் இந்த அவசரத்துக்குள் வரவே வேண்டாம். அதில் ஈஸ்ட் இல்லை, அதனால் காத்திருக்கும். மடிப்பு வேலையை முந்தின நாள் சாயங்காலம் ஏசி அறையில் முடித்து, ஆறின மசாலாவை வைத்து, ட்ரேயோடு குளிரில் வைத்துவிடுங்கள். 6.10-க்கு ஓவனை மறுபடி ஏற்றி, 6.45-க்கு ஒரு நடை, 7.20-க்கு ஒரு நடை. குளிரிலிருந்து எடுத்து நேரே உள்ளே போக வேண்டும். எல்லா ட்ரேயையும் முன்னாலேயே வெளியே எடுத்து மேஜையில் பரப்பினால் மார்ஜரின் இளகி, சுடும்போது ட்ரேயில் எண்ணெய் குளம் கட்டும், ஏடு பிரியாது. இரண்டாம் நடைக்கானதை முதல் நடை பாதி வெந்த பிறகு எடுத்தால் போதும். பெட்டியை மூடி அடைக்காமல் அனுப்புங்கள், மொறுமொறுப்பு நிற்கும்.

வண்டிப் பக்கம் இரண்டு விஷயம். 4.30 குட்டியானை வண்ணார்பேட்டை, ஜங்ஷன், டவுன் என்று போகிறதென்றால் டவுன் பெட்டிகள் முதலில் ஏறி உள்ளே போக வேண்டும், வண்ணார்பேட்டைப் பெட்டி கதவோரம் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் ஆற்றுப் பாலமும் ஈரடுக்குப் பாலமும் காலியாக இருக்கும், கடைகடையாக இறக்க ஆகிற நேரம்தான் கணக்கு. 8.15 வண்டிக்கு அதே வேகத்தை நம்பாதீர்கள், பள்ளிக்கூட நேரம். பள்ளிக் கேன்டீனை முதல் நிறுத்தமாக வைத்து, பாலம் தாண்டுவதைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

இன்னொன்று ஆர்டர். பிரட் ஆர்டரை ராத்திரி 9.30-க்கு மேல் வாங்கக் கூடாது. 10.35-க்கு மாவு விழுகிறது, அதற்குமுன் மைதா, ஐஸ் எடை போட வேண்டும். உங்கள் இரண்டு நடையில் 144 பிரட் கொள்ளும், ஆர்டர் 140. மிச்சம் நாலே நாலு. யாரோ ஒரு மளிகைக்கடைக்காரர் பத்து பிரட் கூடக் கேட்டால், அந்தப் பத்துக்காக மூன்றாவது நடை வேண்டும், அது நாற்பது நிமிடத்தைத் தின்றுவிடும், பன் வண்டி 5.10-க்குத்தான் கிளம்பும். ஓவன் கணக்கில் 145-ஆவது பிரட்டும் 216-ஆவது பிரட்டும் ஒரே நேரம்தான் எடுக்கும். அதனால் பத்துக்கு மறுத்துவிடுங்கள். ஐம்பது அறுபது நிலையாகச் சேர்கிறபோது மூன்றாவது நடையை மற்ற இரண்டுக்கும் முன்னால் 12.50-க்குச் செருகி, முதல் மாவை 9.55-க்குக் கொண்டுபோங்கள். அந்த நாள் வந்தால் இன்னொரு ஓவன் பற்றி யோசிக்கலாம், அதுவும் பன்னுக்கு மட்டும் ஒரு டெக் போதும் என்பது என் எண்ணம்.

பலகை வருஷம் முழுக்க ஒன்றாக இருக்காது. மார்கழியில் கோயிலுக்குப் போகிறவர்கள், மாலை போட்ட சாமிகள், திருச்செந்தூருக்கு நடந்து போகிறவர்கள் என்று டீக்கடைகள் முன்னதாகத் திறக்கும். பன் வண்டி 4 மணிக்குக் கேட்பார்கள். அப்போது அறையும் குளிர்ந்து, மாவு மந்தமாகும். இரண்டும் ஒரே பக்கமாகத் தள்ளும். அதனால் எல்லா நேரத்தையும் அரைமணி முன்னால் நகர்த்துவதோடு ஐஸையும் குறைத்துவிடுங்கள். மேலே சொன்ன 81 கணக்கிலேயே தண்ணீருக்கு எவ்வளவு சூடு வேண்டும் என்று வந்துவிடும். ரமலானில் மேலப்பாளையம் கடைகள் காலைப் பன்னை வெகுவாகக் குறைத்துவிட்டு சாயங்காலம் நோன்பு திறக்கிற நேரத்துக்குக் கேட்கும். அந்தப் பங்கைக் காலை மாவில் பிசைந்து வைத்திருந்து கொடுக்காதீர்கள். மதியம் 1 மணிக்குத் தனியாக ஒரு சின்ன மாவு போட்டால், உருட்டி, ப்ரூஃப் ஆகி, சுட்டு, ஆறி 4.30-க்குள் பெட்டியில் ஏறிவிடும். மதிய வெயிலில் அந்த மாவுக்கு ராத்திரியைவிட ஐஸ் கூட வேண்டும், மைதா மூட்டை தகரக்கூரைக்குக் கீழே இருந்தால் முதலில் அதன் சூட்டை அளந்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்.